ஜிமிக்கிக்குள் தெரியும் அறை: பளபளப்பைப் படமெடுக்கும் வழிகள், ஒரு மதிப்பாய்வு

பளபளக்கும் பொருளைக் கண்கூசும் வெள்ளைத் திட்டுகள் விழாமல் படமெடுப்பது எப்படி? புகைப்படக் கலை தவழத் தொடங்கிய நாள்களிலேயே எழுந்த சிக்கல் இது. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844-இல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிய 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலின் மூன்றாம் படத்தில் பீங்கான் பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. நான்காம் படத்தில் கண்ணாடிப் பொருள்கள். ஒளியுணர் தாளில் கண்ணாடி பதியும் விதமே பீங்கானிலிருந்து வேறானது என்பதை டால்பட் அந்த நூலிலேயே குறித்துவைத்தார்.

இன்று இதே கேள்வியைக் கேட்பவர்கள் ஸ்டுடியோக்காரர்கள் மட்டுமல்ல. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளையோ, ஃபிரோசாபாத்திலிருந்து வரும் கண்ணாடி வளையல்களையோ வீட்டிலிருந்தபடி விற்கிறவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: அட்டைப் பெட்டியில் சன்னல் வெட்டி, வெள்ளைத் தாள் ஒட்டி, இரண்டு பக்கமும் எல்.இ.டி. பல்பு வையுங்கள். நல்ல விடைதான். ஆனால் அது கேள்வியின் ஒரு பாதிக்கான விடை. தங்கத்துக்கு ஓரளவு பொருந்துவது கண்ணாடிக்குப் பொருந்துவதில்லை. கல்லுக்கு இன்னும் குறைவாகவே பொருந்துகிறது. ஏன் என்று பார்க்க, இதுவரை சொல்லப்பட்ட விடைகளை அவற்றின் காரணத்தோடு எடைபோட வேண்டும்.

பளபளப்பையே மங்கவைப்பது

மிகப் பழைய வழி, பொருளின் மேற்பரப்பை மாற்றிவிடுவது. மெல்லிய மெழுகுப் படலத்தைத் தெளிக்கும் மங்கல் ஸ்ப்ரே விளம்பரப் படங்களிலும் திரைப்படங்களிலும் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. தொல்லுயிர் எச்சங்களைப் படமெடுப்பவர்கள் அம்மோனியம் குளோரைடு புகையைப் படியவைத்து அவற்றை வெண்மையாக்குவார்கள். புடைப்பும் செதுக்கும் துல்லியமாகத் தெரியவேண்டிய ஆவணப் படங்களுக்கு இந்த வழி இன்றும் மதிப்புள்ளது.

நகைக்கு இதைப் பரிந்துரைப்பது கடினம். முத்து உயிரினம் சுரந்த பொருள். ரசாயனம் பட்டால் அதன் மேனி கெடும். எண்ணெயூட்டிய மரகதமும் அரக்கிலோ பசையிலோ பதித்த கல்லும் துடைத்துக் கழுவுவதைத் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. இதைவிட அடிப்படையான தடை ஒன்றும் உண்டு. தங்கம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நீலத்தைப் பெரிதும் விழுங்கி, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. நாம் பார்க்கும் பொன்னிறம் முழுவதும் அந்தப் பிரதிபலிப்புதான். அதை மங்கவைத்தால் கூச்சத்தோடு பொன்னும் போய்விடும்.

இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற வழிகளைப் பார்த்தால் பல குழப்பங்கள் விலகும். உலோகத்தில் நிறம் பிரதிபலிப்பில் இருக்கிறது. கண்ணாடியில் நிறம், ஊடுருவி வரும் வெளிச்சத்தில் இருக்கிறது. மேற்பரப்பில் பிரதிபலிப்பது நிறமற்ற வெள்ளை. நேராக விழும் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடிப் பரப்பு திருப்பி அனுப்புவது சுமார் 4 விழுக்காடுதான் என்றாலும், எதிரில் பல்பு இருந்தால் அந்த 4 விழுக்காடே நிறத்தை மறைத்துவிடப் போதும். ஆகவே தங்கத்தில் பிரதிபலிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடியில் அதை அடக்க வேண்டும்.

சுற்றிலும் வெள்ளை: ஒளிப்பெட்டி

ஒளிப்பெட்டியின் தத்துவம் எளிது. பளபளப்பான பொருள் தன்னைச் சுற்றியுள்ளதைத்தான் காட்டும் என்றால், சுற்றியுள்ள அனைத்தையும் சீரான வெள்ளையாக்கிவிடலாம். 40 செ.மீ. பக்கமுள்ள அட்டைப் பெட்டி, அதன் இரு பக்கங்களிலும் மேலேயும் சன்னல், சன்னல்களில் ட்ரேசிங் பேப்பர், உள்ளே பின்சுவரிலிருந்து தரைவரை மடிப்பில்லாமல் வளைந்து இறங்கும் வெள்ளை சார்ட். வெளியே ஒரே வகை எல்.இ.டி. பல்புகள்.

பலர் இடறுவது பல்பு வைக்கும் தூரத்தில். பல்பைத் தாளுக்கு ஒட்டி வைத்தால், வெளிச்சம் தாள் முழுவதும் பரவாமல் நடுவில் ஒரு சூடான வட்டமாகக் குவிகிறது. கண்ணுக்குத் தாள் முழுதும் வெள்ளையாகத் தோன்றும்; நகையோ அந்த வட்டத்தை அப்படியே திருப்பிக் காட்டும். பல்பை 25, 30 செ.மீ. தள்ளி வைத்தாலோ, இரண்டு தாள்களை இடைவெளி விட்டு ஒட்டினாலோ வட்டம் கரைந்துவிடும்.

பெட்டியின் குறைகளைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நகை வைக்கும் இடத்தில் எவர்சில்வர் குழிக்கரண்டி ஒன்றைக் குப்புற வைத்து, கேமரா இருக்கும் இடத்திலிருந்து அதன் முதுகைப் பார்த்தால் போதும். பெட்டியின் உட்புறம் முழுவதும் அதில் சுருங்கித் தெரியும். தாளில் உள்ள சூடான வட்டம், சன்னல் சட்டங்களின் சாம்பல் கோடுகள், மூலைகளின் இருட்டு, திறந்திருக்கும் முன்பக்கம், அதில் கறுப்பாக நிற்கும் போன், அதைப் பிடித்திருக்கும் கை என்று எல்லாம் வரிசையாகத் தெரியும். கரண்டியில் தெரிவதெல்லாம் நகையிலும் தெரியும்.

இந்த வழிமீது வைக்கப்படும் முக்கியமான விமர்சனம் இன்னொன்று. பெட்டி சரியாக அமைந்துவிட்டால் நகை தட்டையாகிவிடுகிறது. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை இருந்தால் குவிந்த பரப்புக்கும் சமமான பரப்புக்கும் வித்தியாசம் காட்ட எதுவும் மிஞ்சாது. பொன் மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் போலாகும். பளபளப்பு தெரிய வெளிச்சத்தின் பக்கத்திலேயே இருட்டும் வேண்டும். விற்பனைக்கு வரும் மடிப்புப் பெட்டிகள் பலவும் இந்த இருட்டுக்கு இடம் வைப்பதில்லை என்பது அவற்றின் பெரிய குறை.

கோணக் கணக்கு

ஃபில் ஹன்டரும் பால் ஃபூக்வாவும் எழுதி 1990-இல் வெளிவந்த 'லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்' நூல் இந்தக் கேள்வியை வேறு பக்கமிருந்து அணுகியது. விளக்கு எத்தனை, எவ்வளவு பெரிது என்பதற்கு முன்னால், கேமராவிலிருந்து பார்க்கும்போது பொருளின் பரப்பு எந்த இடத்தைப் பிரதிபலிக்கிறது என்று கேட்கச் சொன்னது. விழும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்ற பள்ளிப் பாடம்தான் அடிப்படை. அந்தக் கணக்கில் வரும் இடத்தில் விளக்கு இருந்தால் பரப்பு வெளிச்சமாகும். இல்லாவிட்டால் விளக்கு எத்தனை வாட் ஆனாலும் அது கேமராவுக்குத் தெரியாது.

தட்டையான பொருளுக்கு இது கச்சிதமான விடை. காசுமாலையின் ஒரு காசு அறையின் ஒரு சிறு பகுதியை மட்டுமே பிரதிபலிக்கும். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் காசு முழுவதும் பொன்னாக ஒளிரும், பலகையை நகர்த்தினால் இருண்டுவிடும். நாணயங்களைப் படமெடுப்பவர்கள் லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகட்டை 45 பாகையில் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தைக் காசின்மேல் நேராக இறக்குவதும் இதே கணக்கில்தான்.

குவிந்த பரப்பில் கணக்கு மாறிவிடுகிறது. உருண்டை தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் உள்வாங்கும். கேமராவை நேரே எதிர்நோக்கும் புள்ளி ஒன்று அதில் எப்போதும் இருக்கும். அந்தப் புள்ளி கேமராவைத்தான் காட்டும். எம்.சி. எஷர் 1935-இல் வரைந்த கண்ணாடி உருண்டைப் படத்தில் அறை முழுவதும் வளைந்து அடங்கியிருக்க, நடுவில் பார்ப்பவரின் முகமே நிற்கிறது. உருண்டையை எப்படித் திருப்பினாலும் அந்த முகம் நடுவைவிட்டு விலகாது. ஆகவே குவிந்த நகையில் கேமராவை மறைக்க முடியாது. அது எவ்வளவு சிறிதாகத் தெரியலாம் என்பதை மட்டுமே முடிவுசெய்ய முடியும்.

போலரைசர் என்னும் எதிர்பார்ப்பு

கண்கூச்சம் என்றதும் போலரைசர் ஃபில்டரை நினைப்பவர்கள் உண்டு. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முனைவாக்கம் அடைவதை எட்டியென் லூயி மாலுஸ் 1808-இல் பாரிஸ் மாளிகைச் சன்னல்களைப் படிகம் வழியே பார்த்தபோது கண்டார். அது எந்தக் கோணத்தில் முழுமையாகிறது என்ற விதியை டேவிட் புரூஸ்டர் 1815-இல் வகுத்தார். சாதாரணக் கண்ணாடிக்கு அந்தக் கோணம் செங்குத்திலிருந்து சுமார் 56 பாகை. மேசைமேல் கிடக்கும் கண்ணாடித் தகட்டைச் சாய்வாகப் பார்த்து ஃபில்டரைத் திருப்பினால் வெள்ளைப் படலம் விலகி அடியில் உள்ளது தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் வளையலின் வளைவில் 56 பாகை அமைவது ஒரு மெல்லிய பட்டையில் மட்டும். அங்கே கூச்சம் போகும், மற்ற இடங்களில் அப்படியே இருக்கும். உலோகத்தில் நிலைமை இன்னும் மோசம்: அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணாடியில் நடப்பதுபோல் முனைவாக்கம் அடைவதில்லை, லென்ஸில் மட்டும் ஃபில்டர் போட்டால் பெரிய பயன் கிடைக்காது. விளக்குகள்மீதும் போலரைசர் தாளைப் பொருத்தி, லென்ஸ் ஃபில்டரை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் உலோகப் பிரதிபலிப்பை அணைக்கலாம்தான். அப்படி எடுத்த படத்தில் தங்கம் கறுத்துப்போகும். எனாமல் வேலைப்பாட்டின் நிறத்தையோ கல்லின் உள்நிறத்தையோ பதிவுசெய்ய இது உதவும். நகையை நகையாகக் காட்ட உதவாது.

ஒரு ஜிமிக்கி, கணக்கோடு

மேலே சொன்னவை ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பதை 2 செ.மீ. அகலக் குடையுள்ள வழுவழுப்பான ஜிமிக்கி ஒன்றை வைத்துப் பார்க்கலாம். செதுக்கு வேலைப்பாடு நிறைந்த குடை, பிரதிபலிப்பைத் துண்டு துண்டாக உடைத்துத் தவறுகளை மறைத்துவிடும். வழுவழுப்பான குடை எதையும் மறைக்காது.

போனை 8 செ.மீ. நெருக்கத்தில் வைத்து எடுப்பதாகக் கொள்வோம். ஏழரை செ.மீ. அகலமுள்ள போனின் பிம்பம் குடையின் நடுவில் சுமார் 4 மி.மீ. கறுப்புத் திட்டாக விழும். குடையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. இப்போது பெட்டியின் முன்பக்கத்தையும் வெள்ளை சார்ட்டால் மூடி, அதில் லென்ஸுக்கு மட்டும் 4 செ.மீ. துளை வெட்டி, ஜிமிக்கியிலிருந்து 20 செ.மீ. தள்ளி, 2 மடங்கு ஜூமில் எடுத்தால் அதே திட்டு 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். லென்ஸைத் தவிர போனின் மற்ற பகுதி முழுவதும் தாளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. மிஞ்சும் புள்ளியைக் கணினியில் அழிப்பது எளிது. பெட்டிக்குச் செலவிடும் கவனத்தில் பாதியை இந்த முன்பக்கத் தாளுக்குச் செலவிட்டாலே படம் வேறாகிவிடும்.

அடுத்து மூலைக் கோடுகள். சதுரப் பெட்டியின் மூலைகளும் சட்டங்களும் குடையில் கூண்டுக் கம்பிகளாக வளைந்து தெரியும். சிறிய நகைக்கு மூலையே இல்லாத கூடாரம் மேல்: ட்ரேசிங் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை லென்ஸ் அளவுக்கு வெட்டி, நகையின்மேல் கவிழ்த்து, வெளியிலிருந்து வெளிச்சம் கொடுக்கலாம். தாளின் ஒட்டு மட்டும் நகையின் பின்பக்கம் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தொங்கவிட்டு எடுக்கவேண்டிய ஜிமிக்கிக்குக் கூம்பைப் படுக்கவைத்து, உள்ளே மெல்லிய நூலில் கட்டித் தொங்கவிடலாம்.

இதுவரை செய்ததெல்லாம் வெள்ளையை நிறைக்கும் வேலை. இனி இருட்டைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். 2 செ.மீ. அகலமான கறுப்பு சார்ட் துண்டு ஒன்றை, படத்தில் விழாதபடி, குடையிலிருந்து 8 அல்லது 10 செ.மீ. தள்ளி ஒரு பக்கத்தில் நெட்டாக நிறுத்தினால், குடையின் ஓரமாக மெல்லிய கருங்கோடு ஒன்று வளைந்து இறங்கும். அந்தக் கோடு வந்ததும் குடை குடையாகிறது. துண்டு அகலமானால் கோடு தடித்துப் பொன் கறைபட்டதுபோல் ஆகும். தூரப் போனால் மெலியும். பின்னல் ஊசியளவு மாற்றம்கூடத் திரையில் தெரியும் என்பதால், படத்தைப் பார்த்தபடியே துண்டை நகர்த்துவது நல்லது. எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறு தெர்மாகோல் பலகை இருந்தால், அடியில் தொங்கும் முத்துகளின் நிழல்பக்கம் எழுந்து வரும்.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. படம் முழுக்கப் பொன் நிறைந்திருந்தால் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதை மஞ்சள் விளக்கு என்று எண்ணிப் படத்தை நீலத்துக்கு இழுக்கலாம். 22 காரட் பித்தளைபோல் வெளிறும். நகையின் இடத்தில் சாம்பல் நிற அட்டையை வைத்து அளந்து பூட்டிவிட்டால் இது வராது. சன்னல் வெளிச்சமும் பல்பும் கலந்தால் குடையின் ஒரு பாதி நீலமும் மறுபாதி செம்மையுமாகும். அதை எந்த ஒயிட் பேலன்ஸாலும் சரிசெய்ய இயலாது. திரைச்சீலையை இழுத்துவிடுவதுதான் வழி. எக்ஸ்போஷரையும் அரை ஸ்டாப் அளவு குறைத்து எடுப்பது பாதுகாப்பு. பொன்னில் சிவப்புதான் பெரும்பாலும் முதலில் நிரம்பி வழிகிறது, வழிந்த இடத்தில் செதுக்கு விவரம் மீளாது.

கண்ணாடி வளையல்: பெட்டி தோற்கும் இடம்

இதே பெட்டியில் கண்ணாடி வளையலை வைத்தால் இரண்டு கோளாறுகள் தெரியும். நிறமற்ற கண்ணாடி வெள்ளைச் சூழலில் கரைந்து, விளிம்பே இல்லாமல் போகும். நிறக் கண்ணாடியின்மேல் பக்கத் தாள்களின் வெள்ளை படிந்து நிறம் வெளிறும். கண்ணாடிக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

ஸ்டுடியோக்காரர்கள் நெடுநாளாகக் கையாளும் முறை இதற்கு இருக்கிறது. பெட்டியின் பின்சுவரில் சன்னல் வெட்டி ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, பல்பை அதன் பின்னால் வைக்க வேண்டும். மற்ற பக்கங்களைக் கறுப்பு சார்ட்டால் மூட வேண்டும். முக்கியமானது சன்னலின் அளவு: கேமராவில் தெரியும் பரப்பைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்தால் போதும். வளையலின் நடுப்பகுதி வழியே வெள்ளை ஊடுருவி அரக்குச் சிவப்பும் கிளிப்பச்சையும் ஒளிர, விளிம்பு மட்டும் ஒளியை அதிகம் வளைத்துப் பக்கத்துக் கறுப்பை எடுத்துக் காட்டும். பேனாவால் வரைந்ததுபோன்ற கருங்கோடு கிடைக்கும். கோடு மங்கினால் சன்னல் பெரிதாகிவிட்டது என்று பொருள். கறுப்பு சார்ட்டை உள்ளே தள்ள வேண்டும்.

இதைத் தலைகீழாகவும் செய்யலாம். சன்னலின் நடுவில் படப்பரப்பைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு அட்டையை வைத்து, அதைச் சுற்றி மட்டும் வெளிச்சம் கசியவிட்டால், இருட்டில் வளையலின் விளிம்புகள் வெள்ளைக் கோடுகளாக எரியும். அழகான முறை, ஆனால் இரக்கமற்றது: கைரேகையும் தூசியும் அதே அளவு எரியும். பருத்தி உறை போட்ட கையால் துடைத்து வைப்பது கட்டாயம்.

ஜிகினாவும் பொன்கோடும் ஒட்டிய வளையல்களுக்குப் பின்வெளிச்சம் மட்டும் போதாது. அவை ஒளியை விடாததால் கறுத்துத் தெரியும். முன்னால் இரு பக்கமும் சிறு தெர்மாகோல் பலகைகளைச் சாய்த்து, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தையே திருப்பிக் கொடுத்தால் பொன்கோடு எழும். கண்ணாடிமேல் அந்தப் பலகை மெல்லிய வெள்ளைக் கீற்றாகத் தெரியும். அந்தக் கீற்றை முழுதாக ஒழிப்பதைவிட நீளமாகவும் நேராகவும் வைத்துக்கொள்வதே சரி. அது இல்லாவிட்டால் கண்ணாடி என்று கண் நம்பாது.

கல்லும் இரண்டு படங்களும்

இந்தத் துறையில் இன்னும் ஒருமித்த விடை இல்லாத இடம் கல். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, உள்ளே போன வெளிச்சம் பட்டைகளில் பலமுறை மோதித் திரும்புகிறது. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் ஒன்று வெளிச்சத்தையும் ஒன்று இருட்டையும் காட்டும்போதுதான் கல்லுக்கு உயிர். எங்கும் வெள்ளை நிறைந்த பெட்டியில் அது பால்கட்டியாகிவிடும். வானவில் தெறிப்புக்கோ சின்னஞ்சிறு விளக்கு வேண்டும். பரவிய வெளிச்சத்தில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மீண்டும் வெள்ளையாகும். அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் வைர வெட்டை ஆராய்ந்தபோதும் ஒளிர்வைக் காணப் பரவிய வெளிச்சத்தையும், வண்ணத் தெறிப்பைக் காணச் சிறு விளக்கையும் தனித்தனியாகவே கருதியது.

பொன்னுக்கு ஏற்ற விளக்கு கல்லைக் கொல்கிறது, கல்லுக்கு ஏற்ற விளக்கு பொன்னில் வெள்ளைத் திட்டுப் போடுகிறது. கெம்புக் கல்லிலும் இது ஓரளவு உண்டு. அடியில் தகடு வைத்து மூடிப் பதித்த கல், கூம்புக்குள் மங்கிய சிவப்பாகிவிடும். கூம்பின் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசளவு துளையிட்டுச் சிறு டார்ச் ஒளியை உள்ளே விட்டால் கல் எரியும், பக்கத்துப் பொன்னும் கூசும்.

தொழில்முறைப் படக்காரர்கள் பலர் இதைக் கணினியில் தீர்க்கிறார்கள். ஸ்டாண்டை அசைக்காமல் பொன்னுக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று என இரண்டு படங்கள் எடுத்து, இரண்டாவதிலிருந்து கல்லை மட்டும் எடுத்து முதலாவதில் பொருத்துகிறார்கள். குவியம் மாற்றிப் பல படங்கள் எடுத்து இணைப்பதும் வழக்கம். இதற்கு எதிரான வாதம், அப்படி ஒரு வெளிச்சம் எந்த அறையிலும் இல்லை, வாங்குபவர் அந்த நகையை ஒருபோதும் அப்படிப் பார்க்கமாட்டார் என்பது. எதிர்வாதமும் வலுவானது: மனிதர் நகையைக் கையில் திருப்பித் திருப்பித்தான் பார்க்கிறார், ஒவ்வொரு திருப்பத்திலும் மின்னியதை மனம் சேர்த்துவைக்கிறது, இரண்டு படங்களின் இணைப்பு அதற்குத்தான் நெருக்கம். நிறத்தையும் அளவையும் மாற்றாதவரை இரண்டாம் தரப்பின் பக்கம் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. குறையுள்ள கல்லின் கீறலை அதே மென்பொருளில் அழிப்பது வேறு கதை. அது ஏமாற்று.

தீர்ந்ததும் தீராததும்

கூச்சத்தைப் பற்றிய இயற்பியலில் சர்ச்சை அதிகமில்லை. தட்டை உலோகத்துக்குக் கோணக் கணக்கும் ஒரு வெள்ளைப் பலகையும் போதும். குவிந்த உலோகத்துக்குக் கூம்பு, துளையிட்ட முன்தாள், ஒரு கறுப்புத் துண்டு. கண்ணாடிக்குப் பின்வெளிச்சமும் எல்லை கட்டிய பின்னணியும். இவை மூன்றையும் ட்ரேசிங் பேப்பர், சார்ட், தெர்மாகோல் கொண்டே செய்துவிடலாம். கூடுதல் விலையுள்ள பெட்டி கூடுதலாகத் தருவது பெரும்பாலும் வசதி மட்டுமே.

தீராமல் இருப்பவை இரண்டு. எந்த அளவு பிரதிபலிப்பு பளபளப்பு, எந்த அளவு கூச்சம் என்று பிரிக்கும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. அது பார்ப்பவரின் பழக்கத்தையும் கடை விளக்குகளையும் பொறுத்து மாறுவதாகத் தோன்றுகிறது. மற்றொன்று, கல் பதித்த நகையை ஒரே படத்தில் நேர்மையாகக் காட்ட முடியுமா என்பது. சுழலும் மேடையில் எடுக்கும் சிறு வீடியோ இதற்கு விடையாகலாம், ஆனால் சுழலும்போது கோணம் மாறுவதால் கூம்பும் கறுப்புத் துண்டும் அங்கே அப்படியே பயன்படா. அதற்கென்று எளிய, மலிவான அமைப்பு இன்னும் நிலைபெறவில்லை. அதுவரை, இணைப்பில் தவறில்லை என்றாலும், விற்பனைக்குக் கல் நகையைப் படமெடுப்பவர்கள் பொன்னுக்கு ஏற்ற படம் ஒன்றும் கல்லுக்கு ஏற்ற படம் ஒன்றுமாக இரண்டையும் இணைக்காமல் பக்கம் பக்கமாக வெளியிடுவதே வாங்குபவருக்குச் செய்யும் கூடுதல் நியாயம்.